வெறும் வயிற்றில் தொண்ணூறு கிலோமீட்டர்

சைக்கிள் ஓட்டினால் ஒல்லியாகிவிடலாம் என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. நான் ஒன்றரை வருடம் ஓட்டிக் குண்டானவன். வயிறு இரண்டு இன்ச் கூடியது. தையல்காரர் பேன்ட் இடுப்பைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, "சைக்கிளு எல்லாம் ஓட்டுதீக, பிறகும் இப்படியா பாய்?" என்று கேட்டார். அவரிடம் கோபப்பட்டேன். அவர் கேட்டது சரியான கேள்வி.

எனக்கு விருதுநகரில் வீடு. ஆமத்தூரைத் தாண்டி ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன் வேலை. போக வர இருபத்தெட்டு கிலோமீட்டர். என் அண்ணன் தம்பிகள் எல்லோரும் பருப்பு, மிளகாய் வத்தல் வியாபாரம். கடையில் உட்கார எனக்குப் பொறுமை கிடையாது. வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேச வராது. அதனால் இந்த வேலைக்கு வந்தேன். இங்கே சிரிக்க வேண்டியதில்லை, கவனமாக இருந்தால் போதும்.

பட்டாசு வேலையில் மருந்து கலக்குவது காலையிலேயே முடிந்துவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் மருந்து ஷெட்டில் யாரும் நிற்கக் கூடாது. எனவே நான் வீட்டை விட்டு ஐந்தரைக்கெல்லாம் கிளம்பிவிடுவேன். கம்பெனி வேன் இருக்கிறது. ஆனால் வேன் ஊர் ஊராக நின்று ஆள் ஏற்றி வரும். அதற்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு மணி நேரம் எனக்குச் சிறை. சைக்கிளில் நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடம்தான் ஒரு நாளில் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்காத நேரம். இதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. இந்தக் கதையே அதைப் பற்றித்தான்.

காலையில் நான் சாப்பிடுவதில்லை. பால் இல்லாத ஒரு கட்டஞ்சாயா, அவ்வளவுதான். அதில் ஒரு பெருமையும் இருந்தது. முப்பது நாள் நோன்பு வைக்கிற உடம்பு, பதினாலு கிலோமீட்டருக்குச் சோறு கேட்குமா என்று நினைப்பேன். போனில் வரும் வீடியோக்களும் அதையே சொல்லின. வெறும் வயிற்றில் ஓட்டினால்தான் கொழுப்பு கரையும் என்று ஒரு பயல் சட்டையைக் கழற்றிவிட்டுப் பேசுவான். அவனுக்கு வேலை வெட்டி இல்லை. ஓட்டி முடித்துப் படுத்துக்கொள்வான். எனக்கு அப்படியா?

ஞாயிற்றுக்கிழமை பெரிய ஓட்டம். நானும் ஆமத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற என் கூட்டாளியும். அவரை நான் மாப்ள என்பேன், அவர் என்னைப் பாய் என்பார். நான் விருதுநகரிலிருந்து போய், சாலை பிரியும் ஆமத்தூர் விலக்கில் அவரைச் சேர்த்துக்கொண்டு, சிவகாசி தாண்டி வெம்பக்கோட்டை அணை வரைக்கும் போய்த் திரும்புவோம். எனக்குத் தொண்ணூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. திரும்பி வரும்வரை வாயில் எதுவும் வைக்கக் கூடாது. தண்ணீர் மட்டும். யார் முதலில் "பசிக்கிறது" என்கிறாரோ அவர் தோற்றவர். ஐம்பதை நெருங்கிய இரண்டு ஆம்பளைகளின் சட்டம் இது. இதைவிட முட்டாள்தனமாக எதையும் நான் செய்ததில்லை.

ஏனென்றால் வீட்டுக்கு வந்ததும் நான் மனிதனாக இருக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கறிக்குழம்பு இருக்கும். உடை மாற்றக்கூட மாட்டேன். மூன்று தட்டுச் சோறு. என்ன சாப்பிட்டேன் என்றே தெரியாது, அள்ளி அள்ளிப் போடுவேன். பிறகு செத்தவன் போலத் தூங்குவேன். சாயங்காலம் எழுந்தால் மறுபடியும் பசி. வயிற்றில் பள்ளம் தோண்டி வைத்ததுபோல இருக்கும். கடைக்குப் போய் எண்ணெயில் பொரித்த பரோட்டா ஆறு, சால்னா, மேலே ஒரு ஆம்லெட். தொண்ணூறு கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன், ஆறு பரோட்டா சாப்பிட உரிமை இல்லையா என்று எனக்கு நானே தீர்ப்பு சொல்லிக்கொள்வேன். சைக்கிளில் கரைந்தது மதியச் சோற்றிலேயே திரும்பி வந்திருக்கும். பரோட்டா முழுக்கவும் உபரி. ராத்திரி அது நெஞ்சுக்குள் நிற்கும், தூக்கம் வராது. திங்கட்கிழமை விடியும்போது வயிறு கல்லாக இருக்கும். அதில் எங்கே காலைச் சாப்பாடு? மறுபடியும் கட்டஞ்சாயா, மறுபடியும் சைக்கிள்.

அப்படி ஒரு திங்கட்கிழமைதான் மாட்டினேன்.

அன்று எதிர்காற்று. மிதித்து மிதித்துப் போய்ச் சேர்ந்தபோது சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. சட்டை மாற்றி, செருப்பைக் கழற்றி, செம்புத் தகட்டில் கை வைத்துவிட்டுத்தான் மருந்து ஷெட் பக்கம் போக வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரத்தைத் தரையில் இறக்க அந்தத் தகடு. அதெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். நிறுத்து வைத்திருந்த வெடியுப்பைத் தட்டில் எடுத்துக்கொண்டு போய், கலக்குகிறவரிடம் நீட்டினேன். இருபது வருடமாக அந்த வேலை பார்க்கிறவர் அவர். நீட்டும்போது என் கை ஆடியது. தட்டு கதவு நிலையில் இடித்து, ஒரு கைப்பிடி உப்பு வாசல்படியில் கொட்டியது.

வெடியுப்பு தனியாகக் கிடந்தால் ஒன்றும் செய்யாது. ஆனால் இரண்டடி தள்ளி கந்தகமும் அலுமினியப் பொடியும் இருந்தன.

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார்.

"பாய், தட்ட கீழ வைங்க. மெதுவா. வச்சுட்டு வெளிய போங்க."

"ஒண்ணுமில்லண்ணே, காத்துல…"

"காத்துல கை ஆடாது. போங்கன்னு சொல்லுதேன்ல."

போர்மேனை ஷெட்டை விட்டு வெளியே போகச் சொன்னார். சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அந்த இடத்தில் அவர்தான் சரி. நான் வெளியே வந்தேன். ஈரத்துணி கொண்டு அவரே துடைத்தார். நான் கேட்டுக்குப் பக்கத்தில் உள்ள சாப்பாட்டு ஷெட்டில் போய்த் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். காது இரைந்தது. வேர்வை குளிர்ந்துவிட்டது. பெட்டி ஒட்டுகிற ஒரு அக்கா தன் பிளாஸ்கில் இருந்து சீனி போட்ட டீயும் இரண்டு பன்னும் கொடுத்தார்.

"ராத்திரி பட்டினியா பாய்?"

"ராத்திரி ஆறு பரோட்டா."

"பிறவென்ன கேடு?" என்றார். நான் பன்னை டீயில் முக்கினேன்.

கால் மணி நேரத்தில் கை ஆட்டம் நின்றுவிட்டது. ஆனால் மேனேஜர் வந்துவிட்டார். நல்ல மனிதர், சத்தம் போடமாட்டார். அதுதான் இன்னும் மோசம்.

"போன மாசமும் ஒரு திங்கக்கிழமை இங்கன இப்படித்தான் உக்காந்திருந்தீக. நான் கேக்கல. இன்னைக்குக் கேக்குதேன். உடம்புக்கு என்ன?"

"சைக்கிள்ல வந்த அசதி சார்."

"அப்ப சைக்கிள விடுங்க. நாளையில இருந்து வேன்ல வாங்க."

"சார், ஒரு மாசம் டயம் குடுங்க. டாக்டரைப் பாத்துட்டு வாரேன்."

அவர் யோசித்தார். "ஒரு மாசம். டாக்டரைப் பாக்குற வரைக்கும் மருந்து ஷெட்டுப் பக்கம் வரக்கூடாது. அதுக்குப் பிறகும் கை ஆடுறதா யாரும் சொன்னா, சைக்கிளு கிடையாது. வேன்ல உங்களுக்கு ஒரு சீட்டு ஒதுக்கி வைக்கச் சொல்லுதேன். வேன் வேண்டாம்னா வேலையும் வேண்டாம்."

நியாயமான பேச்சு. நான் அவர் இடத்தில் இருந்தால் ஒரு மாதம்கூடக் கொடுத்திருக்க மாட்டேன்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். சுகர் இல்லை, பிரஷர் சரி. "சாப்பிடாம ஓட்டாதீங்க, உப்பும் தண்ணியும் குடிங்க, ராத்திரி கம்மியா சாப்பிட்டுத் தூங்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு எரிச்சல். காலையில் சாப்பிடு என்கிறார், அதே வாயால் கம்மியாகச் சாப்பிடு என்கிறார். சாப்பிட்டால் குண்டாவேன், சாப்பிடாவிட்டால் கை ஆடும், நான் என்னதான் செய்வது என்று வீட்டில் வந்து கத்தினேன்.

என் மனைவி மீன் அரிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நோன்புல சைக்கிள்ல தான போனீக? அப்ப கை ஆடுச்சா?"

"இல்ல."

"ஏன் ஆடல?"

"பழக்கம்."

"மண்ணாங்கட்டி. நோன்புல நாலு மணிக்கு நான் எந்திச்சு சோறாக்கி வச்சு, நீங்க சஹர் சாப்பிட்டுட்டுப் போறீக மச்சான். வயித்துல சோத்தோட போறீக. மத்த மாசத்துலதான் வெறும் வயித்தோட போறீக. இது நோன்பும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. வீம்பு."

அவள் விடவில்லை.

"நோன்பு திறக்கைல என்ன செய்வீக? ஒரு பேரீச்சம்பழம், தண்ணி, ஒரு கிண்ணம் கஞ்சி. பிறகு தொழுகைக்குப் போயிருவீக. வந்துதான் சாப்பாடு. அன்னைக்கு ரெண்டு தோசைக்கு மேல உங்களால திங்க முடியாது. ஞாயித்துக்கெழம வந்தா வாசல்லயே தட்டக் கேக்குதீக. நானே பயப்படுதேன், என்னையும் சேத்துத் தின்னுருவீகளோன்னு."

இருபத்திரண்டு வருடக் கல்யாணத்தில் என்னை இவ்வளவு சரியாக யாரும் திட்டியதில்லை. எந்த நோன்பைச் சொல்லிப் பெருமை அடித்தேனோ, அந்த நோன்பில் நான் செய்வதற்கு நேர் எதிராக மற்ற பதினோரு மாதமும் செய்துகொண்டிருந்தேன்.

மறுநாளே திருந்திவிட்டேன் என்று சொல்லமாட்டேன். மறுநாள் வீம்பை அந்தப் பக்கம் கொண்டுபோனேன். காலையில் ஏழு இட்லி தின்றுவிட்டு ஏறினேன். ஆமத்தூர் வருவதற்குள் சாம்பார் தொண்டைக்கு வந்தது. சாலையோரம் நிறுத்தி எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். ஒரு டிராக்டர்க்காரன், "காலையிலேயே போட்டாச்சா பாய்?" என்று கேட்டுவிட்டுப் போனான். குடிக்காத எனக்கு அந்தப் பெயரும் கிடைத்தது.

அதற்குப் பிறகுதான் நிதானமாக யோசித்தேன். பதினாலு கிலோமீட்டர் பெரிய தூரம் இல்லை. அதற்கென்று தனியாக அதிகம் தின்ன வேண்டியதில்லை. ஒரு நாளில் சாப்பிடுவதை இடம் மாற்றி வைத்தால் போதும். கிளம்பும்போது ஒரு வாழைப்பழம், சீனி போட்ட டீ. வயிறு கனக்காது. கம்பெனிக்குப் போய், உள்ளே நுழைவதற்கு முன்னால் சாப்பாட்டு ஷெட்டில் உட்கார்ந்து மூன்று இட்லி, ஒரு அவித்த முட்டை. உள்ளே போய்விட்டால் மருந்து வேலை முடியும்வரை எதுவும் வாயில் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. அதனால் இது கட்டாயம். மதியம் எப்போதும்போலச் சோறு, ஆனால் பருப்போ மீனோ கூடுதலாக. சோற்றை மட்டும் குமித்தால் மூன்று மணிக்கே மறுபடியும் பசிக்கிறது என்பதைக் கவனித்தேன்.

முக்கியமான இடம் சாயங்காலம். நான் தப்பு செய்த இடமே அதுதான். நாலு மணிக்குக் கம்பெனியை விட்டால், வெயிலில் பதினாலு கிலோமீட்டர். வழியில் வடைச் சட்டி கொதிக்கும் மூன்று கடைகள். காலியான வயிற்றோடு அந்தக் கடைகளைத் தாண்ட எனக்கு மனபலம் கிடையாது. யாருக்கும் கிடையாது. இருக்கிறது என்று சொல்கிறவன் பொய் சொல்கிறான். அதனால் சைக்கிள் ஏறுவதற்கு முன்பே கம்பெனி கேட் பக்கத்தில் நின்று ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, உப்புப் போட்ட மோர் ஒரு டம்ளர். பிறகு கடைகள் சும்மா கடைகளாகத் தெரிந்தன. வீட்டுக்கு வந்ததும் தண்ணீர், பிறகு குளியல். பாதிப் பசி தாகம்தான் என்பது அப்போது தெரிந்தது. குளித்து, தொழுதுவிட்டு உட்கார்ந்தால், மூன்று தோசையில் கை நின்றது. ராத்திரி வயிறு லேசாக இருந்தது. தூக்கம் வந்தது. காலையில் வாழைப்பழம் இறங்கியது. எல்லாம் ஒன்றோடு ஒன்று கோத்துக் கிடக்கிறது. நான் இத்தனை நாளாக எல்லாவற்றையும் ராத்திரியில் குவித்துக்கொண்டிருந்தேன், தொடங்க வேண்டியது காலையில்.

டாக்டர் சீட்டைக் காட்டி மருந்து ஷெட்டுக்குத் திரும்பினேன். வார நாட்கள் சரியாகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமைதான் பயம். மேனேஜர் பார்க்கப்போவது திங்கட்கிழமைக் காலையை. மூன்று வாரம் பெரிய ஓட்டத்துக்கே போகவில்லை. மாப்ள போனில் கேவலமாகத் திட்டினார். மேனேஜர் கொடுத்த மாதம் முடிகிற கடைசி ஞாயிற்றுக்கிழமை போவது என்று முடிவு செய்தேன். அன்று போய்விட்டு மறுநாள் கை ஆடாமல் நிற்க முடியவில்லை என்றால் எனக்குச் சைக்கிள் தேவையே இல்லை. ஒளிந்துகொண்டு காப்பாற்றுகிற பொருள் இல்லை அது.

நாலரை மணிக்கே இரண்டு இட்லி சாப்பிட்டேன். தோள்பையில் இருபது பேரீச்சம்பழம், நாலு வாழைப்பழம். ஒரு பாட்டிலில் தண்ணீர், இன்னொன்றில் எலுமிச்சம்பழம் பிழிந்து உப்பும் சீனியும் போட்ட தண்ணீர். ஆமத்தூர் விலக்கில் மாப்ள நின்றுகொண்டிருந்தார். என் பையைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன பாய், சைக்கிள் ஓட்ட வந்தீகளா, பழக்கடை போட வந்தீகளா?"

"உங்களுக்கும் சேத்துத்தான் மாப்ள. எடுங்க."

"சட்டம் என்னாச்சு?"

"சட்டம் மயிராப் போச்சு. எனக்கு நாளைக்கு வேலைக்குப் போகணும்."

பசித்த பிறகு தின்றால் அது வேலைக்கு ஆகாது, பசிக்கும் முன்பே ஆரம்பிக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை நாலு பேரீச்சம்பழம் அல்லது ஒரு வாழைப்பழம், இரண்டு மடக்குத் தண்ணீர். மாப்ள ஒவ்வொரு தடவையும், "அடுத்த பந்தியா?" என்றார். அணையில் தண்ணீர் அடியில் கிடந்தது. பத்து நிமிடம் நின்றோம். அவர் தண்ணீர் மட்டும் குடித்தார். எப்போதும் அணையிலிருந்து திரும்பும்போது எனக்குத் தொடை செத்துவிடும். அன்று சாகவில்லை. சிவகாசி தாண்டும்வரை அவர் என் பின்னால் இருந்தார். பிறகு திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை.

அரை கிலோமீட்டர் பின்னால் போய்ப் பார்த்தேன். ஒரு பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் நிறம். கை ஆடிக்கொண்டிருந்தது. என் கை எப்படி ஆடியதோ அதே ஆட்டம். வெளியே இருந்து பார்க்க அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று அன்றுதான் பார்த்தேன். கலக்குகிறவர் ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை என்பதும் புரிந்தது, அந்தக் கையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது.

எலுமிச்சைத் தண்ணீரைக் கொடுத்தேன். மிச்சமிருந்த பேரீச்சம்பழத்தைக் கொடுத்தேன். கொட்டையைத் துப்பித் துப்பித் தின்றார். கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பியது.

"யார்ட்டயும் சொல்லாதீக பாய்."

"எல்லார்ட்டயும் சொல்லுவேன்."

"நீங்க முன்னாடியே கெஞ்சிக் குடுத்திருக்கணும்."

"கெஞ்சுறதுக்கு நீங்க என்ன மாப்பிள்ளை விருந்துக்கா வந்தீக? மூணு தடவ நீட்டுனேன். பந்தியான்னு கேட்டீக. ஏறுங்க சைக்கிள்ல."

மெதுவாக ஓட்டி அவரை ஆமத்தூரில் விட்டேன். நான் வீட்டுக்கு வந்தபோது கறிக்குழம்பு மணத்தது. முதல் தடவையாக என்னால் வாசலில் நின்று அதை முகர முடிந்தது. தண்ணீர், குளியல், பிறகு ஒரு தட்டு நிறையச் சோறு, கறி தாராளமாக, தயிர் வெங்காயம். நான் பட்டினி கிடக்கவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். நன்றாகத்தான் சாப்பிட்டேன். இரண்டாவது தட்டுக்கு என் மனைவி கரண்டியை எடுத்தாள். போதும் என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை, நான் விளையாடுகிறேனோ என்று. சாயங்காலம் பரோட்டாக் கடைக்குப் போனேன். மூன்று பரோட்டா தின்றேன். பரோட்டாவை விட்டவன் என்று யாரும் என்னை நினைத்துவிடக் கூடாது.

திங்கட்கிழமை காலை மேனேஜர் மருந்து ஷெட்டுக்கு வெளியே வந்து நின்றார். வழக்கமாக அந்த நேரத்துக்கு அவர் வருவதில்லை. நான் வெடியுப்பை எடை போட்டேன், தட்டை எடுத்தேன், கலக்குகிறவரிடம் நீட்டினேன். ஒரு துகள் சிந்தவில்லை. அடுத்த தட்டு. அதற்கடுத்தது. வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்தது. மேனேஜர் கடைசிவரை நின்று பார்த்தார். கலக்குகிறவர் வெளியே வந்து கை கழுவும்போது மேனேஜர் அவரிடம் கேட்டார்.

"என்னண்ணே, எப்படி?"

"ஆளு சரியாத்தான் இருக்காரு. முன்ன மாதிரி மூஞ்சியும் கடுகடுன்னு இல்ல," என்றார் அவர்.

"மூஞ்சி அப்படியேதான் இருக்கு," என்றேன் நான்.

மேனேஜர் சிரிக்கவில்லை. வேன் டிரைவரைக் கூப்பிட்டுப் பேசினார். எனக்கு ஒதுக்கிய சீட்டில் நாளையிலிருந்து பெட்டி ஒட்டுகிற பெண்களில் ஒருவரை ஏற்றிக்கொள்ளச் சொன்னார். அப்படியே ஆபீசுக்குப் போய்விட்டார்.

நாலு மணிக்குப் பொட்டுக்கடலையைத் தின்று மோரைக் குடித்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். எதிர்காற்றுதான். அடிக்கட்டும் என்று மிதித்தேன்.